மூன்றாம் மாடி ஃபிளாட், பத்தடி ஹால்: ரிங் ஃபிட் அட்வென்ச்சர் உடம்பை அசைக்குமா?

"எனக்கு வயசு 42, எடை 82 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சிப் பழக்கமே கிடையாது. மூணாவது மாடியில சின்ன ஃபிளாட், கீழ்வீட்டுல வயசானவங்க. நின்டெண்டோ ஸ்விட்ச்ங்கிற வீடியோ கேம் கருவியில ரிங் ஃபிட்னு ஒரு விளையாட்டு இருக்காமே, வாங்கினா உருப்படியா உடற்பயிற்சி நடக்குமா, இல்ல ரெண்டு வாரத்துல மூலையில கிடக்குமா?"

நடக்கும். ஆனால் பெட்டியைப் பிரித்த முதல் வாரத்தில் எப்படி ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது. இதை வாங்கி ஓரங்கட்டியவர்களில் பலருக்கு விளையாட்டு சலித்திருக்காது. முதல் நாளே ஆர்வத்தில் ஒரு மணி நேரம் ஆடி, அடுத்த மூன்று நாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவித்து, அதற்குப் பிறகு விளையாட்டைத் தொடவே மனம் வராமல் விட்டிருப்பார்கள்.

முதலில் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். 2019 அக்டோபரில் வந்த இந்த விளையாட்டோடு இரண்டு பொருட்கள் வருகின்றன. ஒன்று ரிங்-கான் என்னும் வளையம். சுமார் ஓரடி அகலம், அமுக்கினால் வளையும், இழுத்தால் விரியும். எவ்வளவு விசையோடு அமுக்குகிறீர்கள் என்பதை உள்ளே இருக்கும் உணரி அளக்கிறது. ஸ்விட்ச்சின் இரு பக்கமும் கழன்று வரும் கைக் கட்டுப்பாட்டுக் கருவிகள்தான் ஜாய்-கான்கள், அவற்றில் வலதை இந்த வளையத்தில் செருக வேண்டும். இன்னொன்று இடது தொடையில் கட்டும் பட்டை. இடது ஜாய்-கான் அதற்குள் போகும். அந்தத் தொடை எந்தக் கோணத்தில் சாய்கிறது என்பதை வைத்துத்தான் நீங்கள் ஓடுகிறீர்களா, உட்காருகிறீர்களா, காலைத் தூக்குகிறீர்களா என்று விளையாட்டு முடிவு செய்கிறது. கேமரா வைத்து உங்களை யாரும் பார்ப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

வாங்கும்போது ஏமாறும் இடங்கள் சில உண்டு. டிவியில் இணைக்கும் சாதாரண ஸ்விட்ச் அல்லது ஓலெட் ஸ்விட்ச் இருந்தால் சிக்கல் இல்லை. கையில் வைத்து மட்டும் ஆடும் ஸ்விட்ச் லைட் என்ற வகை வேண்டாம். அதை டிவியில் இணைக்க முடியாது, ஜாய்-கானும் தனியாக வாங்க வேண்டும். ஸ்விட்ச் 2-இல் விளையாட்டு ஓடும், ஆனால் அதனுடன் வரும் புது ஜாய்-கான் இந்த வளையத்தில் பொருந்தாது, பழைய ஸ்விட்ச்சின் ஜாய்-கான் ஜோடி ஒன்று தேவைப்படும். இந்தியாவில் நின்டெண்டோ நேரடியாக விற்பதில்லை, இறக்குமதி செய்தவர்களிடமோ பழையதாகவோதான் வாங்க வேண்டியிருக்கும். பழையது வாங்கினால் தவறில்லை, வளையம் எளிதில் கெடுவதில்லை. ஆனால் விற்பவரின் வீட்டிலேயே மாட்டி, லேசாக அமுக்கியும் பலமாக அமுக்கியும் பாருங்கள். திரையில் அந்த வித்தியாசம் தெரிய வேண்டும். கையை எடுத்த பிறகும் வளையம் அமுங்கியிருப்பதாகவே திரை காட்டினால் வாங்காதீர்கள்.

அடுத்தது இடம். பாய் விரிக்கும் இடம் மட்டும் போதாது. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றுங்கள், எதிலும் இடிக்கக் கூடாது. அதே இடத்தில் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்க முடிய வேண்டும். சராசரி உயரத்துக்கு ஆறடிக்கு ஏழடி காலியாக இருந்தால் சரியாக இருக்கும். பத்தடி ஹாலில் டீப்பாயை மட்டும் நகர்த்தினால் இது கிடைத்துவிடும். எல்லோரும் மறப்பது மேலே இருக்கும் ஃபேனை. ஐந்தடி எட்டு அங்குல ஆள் கையை உயர்த்தினால் விரல்நுனி ஏழே கால் அடியைத் தொடும். கையில் வளையம் இருந்தால் அது இன்னும் அரையடி மேலே போகும். தலைக்கு மேல் வளையத்தைப் பிடித்து அமுக்கும் பயிற்சி இதில் அடிக்கடி வரும். உயரம் குறைந்த கூரையில் ஃபேன் இறக்கை எட்டடியில் சுழலும் வீடுகள் நிறைய. ஆகவே ஃபேனுக்கு நேர் கீழே நிற்காமல் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

கீழ்வீட்டுக்காரர்கள் விஷயத்துக்கு வருவோம். நின்ற இடத்தில் ஓடும்போது குதிகால் தரையில் விழும் ஒவ்வொரு அடியும் கான்கிரீட் வழியாகக் கீழே போகும். அது காற்றில் பரவும் சத்தம் அல்ல, தளமே அதிர்வது. அதனால் மெல்லிய யோகா பாய் இதற்கு உதவாது. ஒன்றோடொன்று கோர்க்கும் கெட்டியான ஃபோம் பாய் ஓரளவு குறைக்கும், ஆனாலும் முழுதாக நிறுத்தாது. மெத்தை போல ரொம்பவும் மிருதுவான எதையும் போடாதீர்கள், ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியில் கணுக்கால் ஆடிவிடும்.

இதற்கு விளையாட்டிலேயே நல்ல வழி இருக்கிறது. அமைப்புகளில் சத்தமில்லாமல் ஆடும் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஓட வேண்டியதே இல்லை. பாதம் தரையை விட்டு எழாமல் முழங்காலை லேசாக மடக்கி மடக்கி நிமிர்ந்தால் திரையில் உங்கள் ஆள் ஓடுவான். உங்கள் வீட்டுக்கு இதுதான் சரி, முதல் நாளே போட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த முறை ஓட்டத்தை விட இலகுவானதல்ல. பாதை முழுக்கக் கால்வாசிப் பஸ்கி எடுப்பது போலத்தான், தொடையின் முன்பக்கம் சீக்கிரம் எரியும். பிறகு சண்டை வரும்போது வேறு தசைகளைத் தேர்ந்தெடுங்கள், அதைக் கீழே சொல்கிறேன். மலையேறுவது போலக் கையூன்றிக் காலை மாற்றி மாற்றி இழுக்கும் பயிற்சி ஒன்று சண்டையில் பின்னால் வரும். அது தரையில் தட்டும், இரவு நேரத்தில் அதை மட்டும் தவிருங்கள்.

விளையாட்டின் அமைப்பு எளிது. பாதையில் ஓடுகிறீர்கள், வளையத்தை அமுக்கிக் காற்றடித்துக் கதவு திறக்கிறீர்கள், இழுத்து நாணயத்தை உறிஞ்சுகிறீர்கள். வழியில் எதிரிகள் நிற்பார்கள். ஒவ்வொரு தாக்குதலும் ஒரு பயிற்சி. சிவப்பு நிறம் என்றால் கை, மஞ்சள் வயிறு, நீலம் கால், பச்சை யோகாசனம். ஸ்குவாட், அதாவது நம் பஸ்கி, நீலத்தில் வரும். வீரபத்ராசனமும் விருட்சாசனமும் பச்சையில். ஒரு பயிற்சியைச் செய்து முடித்ததும் அது சில சுற்றுகளுக்குப் பூட்டிக்கொள்ளும், உடனே திரும்பச் செய்ய முடியாது. கொஞ்சம் முன்னேறிய பிறகு எதிரிக்கும் நிறம் வந்துவிடும். அதே நிறத்துப் பயிற்சியால் அடித்தால்தான் அடி பலமாக விழும். இந்த இரண்டு விதிகளும் சேர்ந்துதான் இதை வெறும் வீடியோ பார்த்துச் செய்யும் பயிற்சியிலிருந்து வேறுபடுத்துகின்றன. தானாக விட்டால் மனிதர்கள் பிடித்த இரண்டு பயிற்சியையே சுற்றிச் சுற்றிச் செய்வார்கள். வயிற்றுப் பயிற்சி பிடிக்காதவரைக்கூட மஞ்சள் எதிரி வயிற்றுப் பயிற்சி செய்ய வைத்துவிடுகிறான். இதைவிடச் சாமர்த்தியமான உத்தி வீட்டுப் பயிற்சிக்கான விளையாட்டுகளில் அதிகம் இல்லை.

இனி முதல் வாரம். தொடக்கத்தில் வயது, எடை, பழக்கம் எல்லாம் கேட்டுவிட்டு விளையாட்டே ஒரு கடின அளவைச் சொல்லும். அளவு 1 முதல் 30 வரை. அது கூடினால் ஒரு தாக்குதலுக்குச் செய்ய வேண்டிய எண்ணிக்கை கூடும். அங்கே 'மிதமான பயிற்சி' என்று ஆசையில் தட்டிவிடாதீர்கள். பல வருடம் உட்கார்ந்தே இருந்தவர் 8-இல் தொடங்குவது நல்லது. முதல் நாள் அது சுலபமாகத் தோன்றும், தோன்றட்டும். தசைவலி அன்றைக்குத் தெரியாது. ஒரு நாள் கழித்துத்தான் வரும், பெரும்பாலும் இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகும். திங்கட்கிழமை ஆடியதன் கணக்கு புதன்கிழமைதான் கையில் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை 'ஒன்றும் வலிக்கவில்லையே' என்று அளவைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

ஆடி முடித்ததும் திரையில் ஒரு நேரம் காட்டும். அது நீங்கள் டிவி முன் நின்ற நேரம் அல்ல, உடம்பு உண்மையில் இயங்கிய நேரம் மட்டும். கதைப் பேச்சு, பட்டியலில் தேடுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் போக, அரை மணி நேரத்தில் பதினைந்து நிமிடம் பதிவானாலே நல்ல கணக்கு. உங்கள் இலக்கை இந்த எண்ணில் வையுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு மூன்று நாள், இயங்கிய நேரம் பத்து நிமிடம். பத்தைத் தொட்டதும், கதை எவ்வளவு சுவாரசியமான இடத்தில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து நான்கு நாள், பதினைந்து நிமிடம். ஐந்தாம் வாரம் முதல் கடின அளவை வாரத்துக்கு இரண்டு கூட்டலாம், ஒரு நிபந்தனையோடு: ஆடிய இரண்டாம் நாள் கைப்பிடியைப் பிடிக்காமல் மூன்று மாடியும் இறங்க முடிய வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் தொடை உண்மையைச் சொல்லும். முடியவில்லை என்றால் அந்த வாரம் அளவு அப்படியே இருக்கட்டும்.

சாதாரணத் தசைவலியை ஆபத்திலிருந்து பிரித்தறியவும் தெரிந்திருக்க வேண்டும். தொடை வீங்கி, தொடவே முடியாத வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அது பழக்கமில்லாத உடம்பை அளவு மீறிப் போட்டதால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் அறிகுறி. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதானது, ஆனால் முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுப்பவர்களுக்கு நடக்கக்கூடியது. நெஞ்சில் அழுத்தம், மயக்கம் வந்தாலும் அப்படியே. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ ஏற்கெனவே மருந்து எடுப்பவர் என்றால் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போது முன்பு சொன்ன அந்த உணரி விஷயம். கால்களைப் பொறுத்தவரை விளையாட்டுக்குத் தெரிவது உங்கள் இடது தொடையின் சாய்வு மட்டும்தான். நீங்கள் தப்பாக உட்கார்ந்தாலும் அது 'அருமை' என்றே சொல்லும். பஸ்கி எடுக்கும்போது முழங்கால்கள் உள்பக்கமாக ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்வதும், குதிகால் தரையை விட்டு எழுவதும், பாரம் முழுதும் ஒரே காலில் இறங்குவதும் அதற்குத் தெரியாது. வலது கால் என்ன செய்கிறது என்பது அதற்கு அறவே தெரியாது. ஒரு வாரத்தில் முழங்கால் சிப்பிக்குக் கீழே குத்தல் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதைச் சரிசெய்ய ஒரு நாற்காலி போதும். சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைத்து, அதன் முன்னே ஓரடி தள்ளி நில்லுங்கள். கால்கள் தோள் அகலத்தில், விரல்கள் சற்றே வெளிப்பக்கம். முதலில் முழங்காலை மடக்காதீர்கள், இருட்டில் நாற்காலியைத் தேடுவது போல இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முழங்கால் தானாக மடங்கும். பின்பக்கம் நாற்காலியைத் தொட்டதும் உட்காராமல் எழுங்கள். கீழே குனிந்து பார்த்தால் ஒவ்வொரு முழங்காலும் அந்தப் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும், பெருவிரலுக்கு உள்ளே போகக் கூடாது. குதிகால் எழுகிறதா என்று அறிய, காலின் பெருவிரலை ஒரு கணம் தூக்கிப் பாருங்கள். தூக்க முடிந்தால் பாரம் சரியான இடத்தில் இருக்கிறது. விளையாட்டு இன்னும் கீழே போகச் சொன்னாலும் முதல் மாதம் நாற்காலி உயரத்துக்குக் கீழே போக வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் அமைப்புகளில் உள்ள உதவி வசதியைப் பயன்படுத்தி அந்தப் பகுதியின் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கவனம் மூச்சில். எதிரி தாக்கும்போது வளையத்தை வயிற்றில் அழுத்திப் பிடித்துத் தடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஏறக்குறைய எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். மூச்சடக்கி அழுத்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். வளையத்தை அமுக்கத் தொடங்கும்போதே வாயால் 'ஸ்ஸ்' என்று மெதுவாகக் காற்றை விடுங்கள், சத்தம் கேட்கிற வரை நீங்கள் மூச்சடக்கவில்லை என்று அர்த்தம்.

இயந்திரத் தொல்லை என்று பார்த்தால் தொடைப்பட்டைதான் முக்கியம். வழவழப்பான டிராக் பேன்ட்டில் அது மெல்ல முழங்காலை நோக்கி நழுவும். நழுவினால் அடிகளை எண்ணாது, நீங்கள் இன்னும் வேகமாக மடக்குவீர்கள், முழங்கால்தான் பாடுபடும். பருத்தி அரைக்கால் சட்டையின் மேல், தொடையின் நடுவில், இரண்டு விரல் நுழைகிற இறுக்கத்தில் கட்டுங்கள். தொடக்கத்தில் வளையத்தை நேராகப் பிடிக்கச் சொல்லும்போது அதை அமுக்காமல், அசைக்காமல் பிடியுங்கள். அந்த நொடியைத்தான் அது சாதாரண நிலை என்று எடுத்துக்கொள்கிறது. வளையத்தின் இரண்டு பக்கத் துணிப்பிடிகளையும் கழற்றலாம். நம் ஊர் வியர்வைக்கு வாரம் ஒருமுறை கையால் அலசிப் போடாவிட்டால் நாற்றம் வந்துவிடும்.

நாடித்துடிப்பையும் இது பார்க்கும். கட்டம் முடிந்ததும் வலது ஜாய்-கானின் அகச்சிவப்பு உணரியில் கட்டைவிரலை வைக்க வேண்டும். அழுத்தாமல் லேசாக வைத்தால்தான் சரியாக அளக்கும். 42 வயதுக்கு 220-இலிருந்து வயதைக் கழித்தால் 178. மிதமான உழைப்பு என்பது அதில் ஏறத்தாழ 114 முதல் 135 வரை. ஆனால் இது ஆடி முடித்த பின் எடுக்கும் அளவு, ஆடும்போது இருந்ததைவிடக் குறைவாகவே காட்டும். அதைவிட நம்பகமானது உங்கள் பேச்சு. ஒரு முழு வாக்கியம் பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் சரியான அளவில் இருக்கிறீர்கள்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. நான்கு நாள், பதினைந்து நிமிடம் என்றால் அறுபதுதான் ஆகிறது. மீதி தொண்ணூறை வேக நடையில் எடுங்கள், விளையாட்டிலேயே எல்லாவற்றையும் முடிக்க நினைத்தால் தொடை தாங்காது. இரண்டாவது, முதுகு. உட்கார்ந்த வேலைக்காரருக்கு மிகவும் தேவைப்படுவது இழுக்கும் பயிற்சி. வில் இழுப்பது போல வளையத்தை விரிக்கும் அசைவு இதில் உண்டு, ஆனால் அதன் எதிர்ப்பு முதுகுக்குப் போதாது. பள்ளிப் பையில் ஐந்து கிலோ புத்தகம் போட்டு, ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, பையை விலாவரை இழுத்து இறக்குங்கள். பக்கத்துக்குப் பத்து, மூன்று சுற்று. விளையாடிய கையோடு செய்தால் ஐந்து நிமிட வேலை.

இவ்வளவு பணம் போடும் முன் உங்களைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், வீட்டில் இருக்கும் சீட்டுக்கட்டே போதும். 2 முதல் 6 வரையுள்ள சீட்டுகளை மட்டும் பிரித்தெடுங்கள், நான்கு இனத்திலும் சேர்த்து இருபது சீட்டு. இஸ்பேட் வந்தால் நாற்காலிப் பஸ்கி. ஆர்ட்டின் வந்தால் சுவரில் கை ஊன்றித் தண்டால். டைமன் என்றால் மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி இறக்குவது. கிளாவர் என்றால் முன்பு சொன்ன பைப் பயிற்சி, இரண்டு பக்கமும். கலைத்துக் கவிழ்த்து வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து, சீட்டில் உள்ள எண்ணிக்கைக்குச் செய்யுங்கள். இனத்துக்கு இருபதாக மொத்தம் எண்பது வரும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், கீழ்வீட்டுக்கு ஒரு சத்தமும் போகாது. அடுத்து என்ன வரும் என்று தெரியாததால் 'இன்னும் ஒரு சீட்டு' என்று கை தானாகப் போகும். ரிங் ஃபிட் உங்களை இழுக்கப்போவதும் இதே வழியில்தான். இரண்டு வாரத்தில் ஆறு தடவை கட்டை முழுதாக முடித்திருந்தால் தைரியமாக வாங்குங்கள். முடிக்கவில்லை என்றால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சீட்டையே இன்னும் இரண்டு வாரம் ஆடிப் பாருங்கள். எண்பது சுலபமாகிவிட்டால் நான்கு ஏழாம் சீட்டையும் கட்டில் சேருங்கள், கணக்கு 108 ஆகும்.